ஆட்டுக்கால் சூப்புக்கு விசிலை எண்ணாதீர்கள், நிமிடத்தைப் பாருங்கள்

கேள்வி: ஆட்டுக்கால் சூப்புக்கு எத்தனை விசில் விடணும்? 10 விசில் விட்டும் கால் ரப்பர் மாதிரி இருக்கு, சூப்பும் தண்ணியா இருக்கு. குக்கரைத் திறந்த பிறகு எவ்வளவு நேரம் கொதிக்கணும்?

நாலு கால், இரண்டு லிட்டர் தண்ணீர், 5 லிட்டர் குக்கர் என்று வைத்துக்கொள்வோம். முதல் விசில் வந்ததும் அடுப்பைச் சிம்முக்குக் குறைத்து 45 நிமிடம். ஆவி தானாக அடங்கிய பிறகு திறந்து, மூடாமல் சிறு தீயில் இன்னும் ஒரு மணி நேரம்.

உங்கள் 10 விசில் பெரிய தீயில் வந்திருக்கும். அப்படியானால் அது 15, 20 நிமிட வேலைதான். காலில் சதை குறைவு. தோல், ஜவ்வு, மூட்டு நரம்புதான் மிகுதி. அதெல்லாம் கொலாஜன். அது இளகி ஜெலட்டினாகி நீரில் இறங்கினால்தான் சூப்புக்குக் கெட்டித்தன்மை வரும். குக்கருக்குள் சூடு ஏறக்குறைய 120 டிகிரி வரை போகும் என்பதால் வேலை வேகமாக நடக்கிறது, ஆனாலும் அதற்குரிய நேரம் கொடுத்தே ஆகவேண்டும். விசில் என்பது மிஞ்சிய ஆவி வெளியே போகிற சத்தம்தான். பத்து முறை கத்தினால் தண்ணீர் குறையுமே தவிர, கால் கூடுதலாக வேகாது. சிம்மில் 45 நிமிடத்தில் ஒரு குக்கரில் ஐந்தாறு விசில் வரும், இன்னொன்றில் ஒன்றுகூட வராது. வெயிட்டைச் சுற்றி மெல்லிய சீறல் கேட்டுக்கொண்டே இருந்தால் அழுத்தம் சரியாக இருக்கிறது. இண்டக்ஷன் அடுப்பில் ஆகக் குறைந்த அளவில் வைத்தால் சூடு விட்டுவிட்டு வரும், அந்தச் சீறலும் நின்றுபோகும். ஒரு படி கூட்டி வையுங்கள்.

சிங்கப்பூர் தேக்கா சந்தையில் வாங்கினால் சூப்புக்கு என்று சொல்லி, ஒவ்வொரு காலையும் மூன்று துண்டாக வெட்டித் தரச் சொல்லுங்கள். விரல் இடுக்கில் மயிர் மிச்சம் இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் அடுப்பில் வாட்டிக் கத்தியால் சுரண்ட வேண்டும். உறைந்த காலை முழுவதும் பனி விட வைத்த பிறகே குக்கரில் போடுங்கள். அடுத்து, கால் மூழ்கும் அளவு தண்ணீரில் மஞ்சள் தூள் போட்டு ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டு, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுக் கழுவுங்கள். இதைத் தவிர்த்தால் கவிச்சை நிற்கும். அழுக்கு நுரையும் மேலே ஏறி விசில் துவாரத்தை அடைக்கப் பார்க்கும். குக்கரில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பக்கூடாது என்பதும் இதனால்தான்.

குக்கரில் காலோடு இடித்த இஞ்சி, பூண்டு, பத்துச் சின்ன வெங்காயம், மஞ்சள் போதும். உப்பு கடைசியில். முதலிலேயே சரியாகப் போட்டால், சூப் வற்றும்போது கரிக்கும்.

45 நிமிடம் ஆனதும் வெயிட்டைத் தூக்காதீர்கள். ஒட்டும் நீர் ஆவியோடு சேர்ந்து பீய்ச்சி அடிக்கும். கை வெந்துவிடும், துவாரமும் பிசுபிசுக்கும். தானாக அடங்க 15, 20 நிமிடம் ஆகும், அதற்குள்ளும் வேகிற வேலை நடந்துகொண்டுதான் இருக்கும்.

திறந்ததும் மூட்டுத் துண்டு ஒன்றை எடுத்துப் பாருங்கள். தோல் எலும்பு முனையிலிருந்து ஒரு நக அகலம் பின்வாங்கி, உள்ளே நரம்பு கண்ணாடிபோல் தெரிய வேண்டும். அதில் முள்கரண்டி தடையில்லாமல் இறங்கினால் பதம். வெள்ளையாக, இறுக்கமாக இருந்தால் மறுபடி மூடி 15 நிமிடம் சிம்மில் வையுங்கள். சிங்கப்பூரில் கிடைக்கிற கால் சில நேரம் இளங்குட்டியுடையது, அதற்கு 30 நிமிடமே போதும். அதற்கு மேல் போனால் தோல் கரைந்து வெறும் எலும்பு மிஞ்சும்.

பிறகுதான் அந்த ஒரு மணி நேரம். ருசி சேர்வது இங்கேதான், இதைச் சுருக்காதீர்கள். மேலே ஓரிரு குமிழி வந்தால் போதும். தளதளவென்று கொதித்தால் கொழுப்பு நீரோடு கலந்து சூப் கலங்கி, நாக்கில் பிசுக்கென்று படியும். கொழுப்பை அவ்வப்போது கரண்டியால் எடுத்துவிடுங்கள். இரண்டு லிட்டர் ஒன்றரை லிட்டராக வற்றினால் சரி. கடைசி பத்து நிமிடத்தில் கொரகொரப்பாகப் பொடித்த மிளகு இரண்டு தேக்கரண்டி, சீரகம் ஒன்றரை, உப்பு, கொத்தமல்லித் தண்டு. மிளகை முதலிலேயே போட்டால் காரம் இருக்கும், வாசம் ஓடிவிடும். ஒரு சொட்டை விரலில் தடவி ஒட்டிப் பாருங்கள்: விரல்கள் பிசுக்கென்று பிரிந்தால் இறக்கலாம்.

குடல் போடுவதாக இருந்தால் காலோடு சேர்க்காதீர்கள். சுண்ணாம்பு அல்லது கல்லுப்பு தேய்த்துச் சுத்தமாகக் கழுவி, தனியாகச் சிம்மில் 20 முதல் 25 நிமிடம் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, சூப் சிம்மில் இருக்கும் கடைசி அரை மணி நேரத்தில் சேருங்கள்.