ரோலின் தேற்றம்: சம உயரங்களுக்கு நடுவே ஒரு கிடைத் தொடுகோடு

+2 மாணவர், கடலூர் முதுநகர்: சார், ரெண்டு முனையும் ஒரே உயரம்னா நடுவுல f′ பூச்சியம் ஆகும்னு மனப்பாடம் பண்ணிட்டேன். ஏன் ஆகணும்?

தம்பி, f(x) = x³ − x என்ற சார்பை 0 முதல் 1 வரை வரைந்து பார். இரு முனையிலும் உயரம் 0, நடுவில் வளைவு கீழே இறங்குகிறது. மூடிய இடைவெளியில் தொடர்ச்சியான சார்பு தன் மிகச்சிறிய மதிப்பை ஏதோ ஒரு புள்ளியில் கட்டாயம் எட்டும். அந்த மதிப்பு 0-க்கும் கீழே என்பதால் அந்தப் புள்ளி முனையாக இருக்க முடியாது, உள்ளேதான் இருக்கிறது. முனைகள் சம உயரம் என்ற நிபந்தனைக்கு வேலை இங்கேதான்.

அந்தப் புள்ளியை c என்று வைத்துக்கொள். அதைவிடத் தாழ்ந்த புள்ளி வலப்பக்கம் இல்லை. ஆகவே c-இலிருந்து வலப்பக்கப் புள்ளி எதற்குக் கோடு இழுத்தாலும் சாய்வு குறை எண்ணாக வராது. இடப்பக்கம் இழுத்தால் மிகை எண்ணாக வராது. சார்பு வகையிடத்தக்கது என்பதால், c-ஐ நெருங்க நெருங்க இரு பக்கத்துச் சாய்வும் ஒரே எண்ணில் போய்ச் சேர வேண்டும். குறையும் இல்லை, மிகையும் இல்லை என்றால் பூச்சியம்தான். வளைவு மேலே ஏறினால் உச்சப் புள்ளியை எடுத்துக்கொள், குறிகள் மட்டும் மாறும். ஏறாமல் இறங்காமல் கிடந்தால் எந்தப் புள்ளியும் சரிதான்.

டியூஷன் ஆசிரியை, நெல்லிக்குப்பம்: c நடுப்புள்ளின்னு சொன்னா பசங்க சட்டுனு போட்டுடறாங்க. |x| மாதிரி கணக்குல மட்டும் ஒத்து வரல.

இருபடிச் சார்புக்கு நீங்கள் சொல்வது சரி, மேடம். ஆனால் மேலே உள்ள சார்பில் 3x² − 1 = 0, அதாவது c = 1/√3, சுமார் 0.577. நடுப்புள்ளி 0.5. c எங்கே என்று தேற்றம் சொல்வதில்லை, உண்டு என்று மட்டும்தான் சொல்கிறது. −1 முதல் 1 வரை |x|-இன் சிக்கல் வேறு. அடிப்புள்ளி 0-இல் இடப்பக்கச் சாய்வு −1, வலப்பக்கம் 1. இரண்டும் சேரவே இல்லை, அந்தக் கூர்முனையில் தொடுகோடும் இல்லை.

பைக் ஓட்டுபவர், புதுச்சேரி: தினமும் ஊரைச் சுற்றி வர்ற புல்வார் ரோட்டை ஒரு சுற்று சுற்றிப் புறப்பட்ட இடத்துக்கே வர்றேன். வண்டியை எங்கயும் நிறுத்தறதில்ல. அப்போ தேற்றம் தப்பா?

தேற்றத்தில் வருவது ஒற்றை எண். நீங்கள் நிற்கும் இடத்தைச் சொல்ல இரண்டு எண்கள் வேண்டும். புறப்பட்ட இடத்திலிருந்து மேற்கே எவ்வளவு தூரம் என்பதை மட்டும் எடுங்கள். தொடக்கத்திலும் முடிவிலும் அது 0, ஆகவே மேற்கு நோக்கிய வேகம் ஒரு நொடியில் பூச்சியம். அப்போது வண்டி நேர் வடக்கிலோ தெற்கிலோ போய்க்கொண்டிருக்கும். வடக்குப் பக்க அளவுக்கும் அப்படி ஒரு நொடி உண்டு. இரண்டும் ஒரே நொடியாக இருக்கத் தேவையில்லை, அதனால் வண்டி நிற்கவும் தேவையில்லை.

மீண்டும் +2 மாணவர்: மிகச்சிறிய மதிப்பைக் கட்டாயம் எட்டும்னீங்களே சார், அது எப்படி?

நல்ல இடத்தில் பிடித்தாய். விகிதமுறு எண்கள் மட்டுமே உண்டு என்று வைத்துக்கொண்டால், x³ − x-க்கு 0-க்கும் 1-க்கும் நடுவே அடிப்புள்ளியே கிடையாது, ஏனென்றால் 1/√3 அங்கே இல்லை. எந்தப் புள்ளியை எடுத்தாலும் அதைவிடத் தாழ்ந்த இன்னொன்று இருக்கும். மெய்யெண்களில் அப்படி ஓட்டை இல்லை என்பதில்தான் முழு நிரூபணமும் நிற்கிறது. அதை இந்தப் பதிலில் அடக்க முடியாது, தனியாக எழுத வேண்டும்.