எண்ணெய் குடிக்கும் பணியாரத்துக்கு என்ன பதில்?

அண்ணனுக்கு வணக்கம்.

பள்ளத்தூரிலிருந்து எழுதுகிறேன். எங்கள் அப்பத்தா சமைப்பதை எட்டு மாதமாக யூடியூபில் போட்டு வருகிறேன். வழக்கமாக முந்நூறு, நானூறு பேர் பார்ப்பார்கள். போன மாதம் போட்ட வெள்ளைப் பணியாரம் மட்டும் எப்படியோ ஓடி ஒரு லட்சம் பார்வையைத் தாண்டிவிட்டது. கமெண்ட் ஐந்நூறுக்கு மேல். எல்லாருக்கும் 'நன்றி' போட்டுப் போட்டு விரல் வலிக்கிறது. ஆனால் அடுத்து போட்ட கும்மாயத்தைப் பழைய முந்நூறு பேர்தான் பார்த்தார்கள். கம்யூனிட்டி போஸ்டில் தினமும் காலை வணக்கம் போடுகிறேன், அதற்கும் பலன் இல்லை. வந்தவர்களை எப்படித் தங்கவைப்பது? இன்னொன்று, ஒரு ஆள் அப்பத்தாவின் பேச்சைக் கேலி செய்தே கமெண்ட் போடுகிறார். அவருக்குப் பதில் சொல்லலாமா?

— பெயர் வேண்டாம், பள்ளத்தூர்

அன்புள்ள தம்பிக்கு,

வீடியோவைப் பார்த்தேன், கமெண்டுகளையும் கடைசிவரை படித்தேன். உங்கள் 'நன்றி'களுக்கு நடுவே ஒரே கேள்விதான் திரும்பத் திரும்ப வருகிறது. 'நான் சுட்டால் பணியாரம் எண்ணெய் குடிக்கிறதே, ஏன்?' அதைக் கேட்டவர்களுக்கும் நீங்கள் 'நன்றி' என்றுதான் போட்டிருக்கிறீர்கள்.

ஒருவருடைய கமெண்டுக்கு நீங்கள் பதில் எழுதினால், அவர் நோட்டிபிகேஷனை நிறுத்தி வைக்காதவரை, அவர் போனுக்குத் தகவல் போகும். அவர் சப்ஸ்கிரைப் செய்திருக்க வேண்டும் என்பதில்லை. அதைத் தொட்டால் அதே வீடியோவுக்குக் கீழே, உங்கள் பதிலுக்கு நேராக வந்து நிற்பார். ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுப் போனவரை நீங்களாகக் கூப்பிட்டு இன்னொரு முறை வரவழைக்க இதைவிட நேரான வழி கிடையாது. அப்படி வருகிறவர் கண்ணில் 'நன்றி' என்ற ஒற்றைச் சொல் பட்டால் என்ன செய்வார்? வந்த வழியே போய்விடுவார். அடுத்த முறை உங்கள் பெயரில் நோட்டிபிகேஷன் வந்தால் தொடவும் மாட்டார்.

அதனால் பாராட்டு மட்டும் எழுதியவர்களுக்கு ஹார்ட் கொடுத்துவிடுங்கள். அதற்கும் அவர்களுக்குத் தகவல் போகும், உங்கள் விரலும் பிழைக்கும். எழுத்தையும் நேரத்தையும் கேள்வி கேட்டவர்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள். கேள்வி கேட்டவர் யார் என்று யோசித்துப் பாருங்கள். வீடியோவைப் பார்த்து, அரிசி ஊறவைத்து, அரைத்து, சுட்டு, தோற்றுப்போய்த் திரும்பி வந்து கேட்கிறார். உங்கள் அடுத்த வீடியோவுக்கு வர இவருக்குத்தான் காரணம் இருக்கிறது.

அந்தக் கேள்விகளை எப்படித் தேடிப் பிடிப்பது? ஸ்டுடியோவில் கமெண்டுகளை வடிகட்டும் வசதி இருக்கிறது. இன்னும் பதில் சொல்லாதவை, கேள்வி உள்ளவை என்றெல்லாம் பிரித்துப் பார்க்கலாம். பதில் சொல்லாதவை என்ற பிரிவு நிஜமாகவே உதவும். கேள்வி உள்ளவை என்பதை மட்டும் நான் முழுசாக நம்ப மாட்டேன், ஏனென்றால் நம் ஆட்கள் கேள்விக்குறி போடுவதே அபூர்வம். 'எண்ணை குடிக்குது என்ன பண்ண' என்று எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். அதற்குப் பதில் அங்கே இருக்கும் தேடும் வசதியில் எண்ணெய், எண்ணை, oil, ennai, ennei என்று ஒவ்வொன்றாகத் தட்டிப் பாருங்கள். பாதிப் பேர் தமிழை ஆங்கில எழுத்தில்தான் அடிக்கிறார்கள், அதிலும் ஆளுக்கொரு எழுத்து. அப்புறம் Held for review என்ற பகுதியையும் திறந்து பாருங்கள். யூடியூப் சந்தேகப்பட்டு நிறுத்திவைத்த கமெண்டுகள் அங்கே கிடக்கும், நல்ல கேள்விகளும் அதில் மாட்டிக்கொள்வதுண்டு.

இப்போது பதில். அப்பத்தாவிடம் போய்க் கேளுங்கள். அவர் என்ன சொல்வார் என்று எனக்கே ஓரளவு தெரியும். பச்சரிசியை ஆழாக்கில் தலைதட்டி அளந்து, அதன் மேலேயே உளுந்தைக் கோபுரமாகக் குவித்தால் எவ்வளவு நிற்கிறதோ அவ்வளவுதான் உளுந்து. அதற்கு மேல் போனால் எண்ணெய் குடிக்கும், உளுந்து குறைந்தால் பணியாரம் கெட்டியாகிவிடும். மாவை அரைத்த கையோடு சுட வேண்டும், இட்லி மாவுபோலப் புளிக்க விடக்கூடாது. எண்ணெய் சரியாகக் காயாவிட்டாலும் குடிக்கும். ஆக ஒரே குறைக்கு மூன்று காரணம். யாருக்கு எது என்று கமெண்டைப் படித்தாலே பாதி தெரியும். 'அரைக் கப் உளுந்து போட்டேன்' என்பவருக்கு அளவு, 'நேற்று அரைத்த மாவு' என்பவருக்குப் புளிப்பு. ஒன்றுமே சொல்லாதவரிடம் நீங்கள் திருப்பிக் கேட்க வேண்டும். உதாரணத்துக்கு இப்படி:

'அப்பத்தாவிடம் கேட்டேன். உளுந்து கூடினாலும் எண்ணெய் குடிக்கும், மாவு புளித்தாலும் குடிக்கும் என்றார். நீங்கள் அரைத்து எவ்வளவு நேரம் கழித்துச் சுட்டீர்கள்?'

அந்தக் கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். அவர் பதில் எழுதினால் உங்களுக்கும் அவருக்கும் பேச்சு தொடங்கிவிட்டது. அப்பத்தா பெயரில் நீங்களே எழுதவும் வேண்டாம். 'அப்பத்தாவிடம் கேட்டேன்' என்பது உண்மை, படிக்கவும் நன்றாக இருக்கிறது. இதே பதிலை நகல் எடுத்து நூறு பேருக்கு ஒட்டவும் வேண்டாம். ஒரே வாசகம் திரும்பத் திரும்ப வந்தால் யூடியூப் அதைக் குப்பையாக நினைக்க இடமுண்டு, மனிதர்கள் கண்டிப்பாக நினைப்பார்கள். எல்லாருக்கும் பொதுவான அளவை மட்டும் நீங்களே ஒரு கமெண்டாக எழுதிப் பின் செய்யுங்கள். இப்போது அந்த இடத்தில் 'சப்ஸ்கிரைப் பண்ணுங்க மக்களே' என்று வைத்திருக்கிறீர்கள். எல்லாருக்கும் முதலில் தெரிகிற இடம் அது, உளுந்து அளவுக்கு விட்டுக்கொடுங்கள்.

காலை வணக்கத்துக்கு வருவோம். அதை நிறுத்திவிடுங்கள். பூப்படத்தில் யாருக்கும் செய்ய ஒன்றுமில்லை, தள்ளிவிட்டுப் போவார்கள். போஸ்ட் உங்கள் சப்ஸ்கிரைபர்களுக்குப் போகும், சில சமயம் சப்ஸ்கிரைப் செய்யாதவர்களின் முகப்பிலும் வரும். இந்த இரண்டாவது கூட்டம்தான் உங்களுக்கு வேண்டியது. அவர்கள் நின்று பார்க்க, அவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்த பணியாரத்திலிருந்தே தொடங்க வேண்டும். வாரத்துக்கு இரண்டு போஸ்ட் போதும் என்பது என் எண்ணம்.

முதல் போஸ்டாக ஒரு க்விஸ் வையுங்கள். எண்ணெய் மினுமினுக்கும் பணியாரத்தின் படத்தைக் காட்டி, 'இதில் எது கூடிவிட்டது?' என்று கேட்டு, அரிசி, உளுந்து, உப்பு என்று விடைகள் கொடுங்கள். க்விஸில் சரியான விடைக்கு விளக்கம் எழுத இடம் உண்டு, அங்கே கோபுர அளவைச் சொல்லிவிடலாம். மூன்று நாள் கழித்து ஒரு வாக்கெடுப்பு: 'அப்பத்தா அடுத்து எதைச் சுடட்டும்? பால் பணியாரமா, கந்தரப்பமா, சீப்பு சீடையா?' இதில் ஒரு எச்சரிக்கை. எது ஜெயித்தாலும் பத்து நாளுக்குள் எடுத்துப் போட முடியும் என்றால் மட்டும் கேளுங்கள். சீப்பு சீடை ஜெயித்துவிட்டு, 'அப்பத்தாவுக்கு முட்டி வலி' என்று நீங்கள் இழுத்தடித்தால், வாக்குப் போட்டவர்கள் அடுத்த முறை போட மாட்டார்கள். வாக்கு எண்ணிக்கையைப் பார்த்து மயங்கவும் வேண்டாம். ஒரு தட்டு தட்டுவது சுலபம். கீழே கமெண்டில் 'எங்க வீட்ல கந்தரப்பத்துக்குத் தேங்காய் போடுவோம்' என்று எழுதுகிறாரே, அவரைக் குறித்து வையுங்கள்.

கந்தரப்பம் ஜெயித்ததாக வைத்துக்கொள்வோம். வீடியோவில் அப்பத்தா, தேங்காய் பற்றி ஒருவர் கேட்டிருந்தார் என்று சொல்லி அதற்குப் பதில் சொல்லட்டும். வீடியோ வெளிவந்த அன்றே பழைய கமெண்டுகளுக்குத் திரும்பிப் போய், அந்தத் தேங்காய்க்காரருக்கும், எண்ணெய் கேட்டவர்களில் திரும்பப் பேசியவர்களுக்கும் மட்டும் எழுதுங்கள்: 'நீங்கள் கேட்டதை அப்பத்தா கந்தரப்பம் வீடியோவில் சொல்லியிருக்கிறார்.' பழைய வீடியோவில் பேசாமலே போனவர்களுக்கு இதை அனுப்பாதீர்கள், விளம்பரம் போலாகிவிடும். பதிலுக்குள் பதில் எழுதும்போது, யாருக்கு எழுதுகிறீர்களோ அவருடைய @ பெயர் முன்னால் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் வேறு யாருக்கோ சொன்னதுபோல இருக்கும். ஷார்ட்ஸ் கமெண்டில் லிங்க் ஒட்டிப் பயனில்லை. 2023 ஆகஸ்ட் முடிவிலிருந்து அது தொட்டால் திறக்காது. வீடியோவின் பெயரைச் சொன்னால் போதும்.

இதெல்லாம் வேலை செய்கிறதா என்று எப்படித் தெரியும்? சப்ஸ்கிரைபர் எண்ணிக்கையைப் பார்த்துச் சோர்ந்துபோகாதீர்கள். பட்டனைத் தட்டிவிட்டு அப்புறம் வராதவர்கள் எல்லாச் சானலிலும் இருக்கிறார்கள். அனலிட்டிக்ஸில் பார்வையாளர் பகுதியில் புதியவர்கள், எப்போதாவது வருபவர்கள், வழக்கமாக வருபவர்கள் என்று யூடியூபே பிரித்துக் காட்டுகிறது. கடந்த 12 மாதத்தில் 1 முதல் 5 மாதங்களில் பார்த்தவர் எப்போதாவது வருபவர். அதில் 6 மாதமோ அதற்கு மேலோ தொடர்ந்து பார்த்தால்தான் வழக்கமாக வருபவர். உங்கள் சானலுக்கே எட்டு மாதம்தான் ஆகிறது. பணியாரம் பார்த்து வந்தவர் யாரும் இந்தக் கணக்கில் இப்போதைக்கு வழக்கமானவர் ஆகவே முடியாது. அந்த எண் சின்னதாக இருப்பதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. நீங்கள் பார்க்க வேண்டியது நடுவில் இருக்கும் எண். பணியாரத்தின் கூட்டம் வடிந்த பிறகும் எப்போதாவது வருபவர்கள் கூடிக்கொண்டே போனால் ஆட்கள் திரும்பி வருகிறார்கள் என்று அர்த்தம். புதியவர்கள் மட்டும் ஏறி அது அசையவில்லை என்றால் உங்கள் பதில்கள் சேரவில்லை. போஸ்டுகளுக்கும் தனிக் கணக்கு இருக்கிறது. எந்தப் போஸ்ட் எத்தனை சப்ஸ்கிரைபரைக் கொண்டுவந்தது என்று அதில் பார்க்கலாம். க்விஸும் வாக்கெடுப்பும் ஒரு மாதம் போன பிறகு அதைத் திறந்து, எது ஒன்றும் கொண்டுவரவில்லையோ அதை விட்டுவிடுங்கள்.

ஆறு மாதம் தொடர்ந்து வரவைக்க உங்கள் ஊரிலேயே காரணம் இருக்கிறது. ஆடியில் கும்மாயம், தீபாவளிப் பலகாரம், கார்த்திகை தீபத்திலிருந்து 21ஆம் நாள் பிள்ளையார் நோன்பு என்று வரிசையாக வருகிறது. கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் நம் ஆச்சிமார்கள் நோன்புக்கு ஒரு வாரம் முன்பே 'இழை மாவுக்கு என்ன அளவு' என்று தேட ஆரம்பித்துவிடுவார்கள். போஸ்டை முன்கூட்டியே எழுதித் தேதி குறித்து வைக்க வசதி உண்டு. நோன்புக்குப் பத்து நாள் முன்னால் ஒரு போஸ்ட் போட்டு, அப்பத்தாவிடம் என்ன கேட்க வேண்டும் என்று கேளுங்கள். நோன்பன்றைக்கே போட்டால் எல்லாரும் வேலையாக இருப்பார்கள்.

ஒன்று மறந்துவிட்டேன். வீடியோவைக் குழந்தைகளுக்கானது என்று குறித்துவிடாதீர்கள். அப்படிக் குறித்தால் அந்த வீடியோவில் கமெண்டே இருக்காது.

கேலி செய்யும் ஆளுக்குப் பதில் எழுதாதீர்கள். எழுதினால் அவருக்கும் நோட்டிபிகேஷன் போகும், அவரும் திரும்பி வருவார். கமெண்டுக்குப் பக்கத்தில் இருக்கும் மூன்று புள்ளியைத் தொட்டு Hide user from channel கொடுங்கள். அவர் பாட்டுக்கு எழுதிக்கொண்டிருப்பார், மற்றவர்கள் கண்ணில் படாது, மறைத்தது பற்றி அவருக்குத் தகவலும் போகாது. ஆனால் 'அப்பத்தா பேசுவது புரியவில்லை' என்று ஒருவர் எழுதியிருந்தாரே, அவரை இதோடு சேர்த்துவிடாதீர்கள். அவர் மதுரைப் பக்கத்து ஆள்போல. ஆழாக்கு என்றால் எவ்வளவு என்று நிஜமாகவே கேட்கிறார். அவருக்கு இன்றைக்கே பதில் எழுதுங்கள்.