பில் ஆஃப் லேடிங் ஒரிஜினல் ஒன்றை வாங்குபவருக்கு நேரே அனுப்பலாமா?

"தூத்துக்குடியிலிருந்து ஹாம்பர்க்குக்கு நிலாவாரை இலை ஏற்றினேன். கப்பல் கம்பெனி தரும் பில் ஆஃப் லேடிங் மூணு ஒரிஜினல் வந்திருக்கு. வெறும் ரசீதுதானே, பணம் வருமுன் ஒன்றைக் கூரியரில் அனுப்பலாமா?"

அனுப்பாதீர்கள். மூன்றில் எந்த ஒன்றைக் கொடுத்தாலும் கப்பல் கம்பெனி சரக்கை விட்டுவிடும். அப்புறம் உங்கள் கையில் இருக்கும் இரண்டும் செல்லாக் காசு.

ரசீது என்பது அதன் ஒரு முகம்தான். அதிலும் கண்டெய்னரை நீங்களே நிரப்பி சீல் வைத்தால், "200 பேல் இருப்பதாகச் சொல்லப்பட்டது" என்றுதான் எழுதுவார்கள், அவர்கள் எண்ணவில்லை. பின்பக்கப் பொடி எழுத்துகள் கப்பல்காரரோடு உள்ள ஒப்பந்த நிபந்தனைகள். இலை நனைந்துபோனால் வழக்குப் போட வழக்கமாக ஒரு வருடம்தான் கெடு.

பெரிய விஷயம் மூன்றாவது: சரக்கின் உரிமையே அந்தத் தாளில் இருக்கிறது. பெறுநர் கட்டத்தில் "டு ஆர்டர்" என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால் பின்னால் கையெழுத்திட்டு, மூன்றையும் வங்கி வழியே அனுப்புங்கள். வாங்குபவர் பணம் கட்டினால்தான் வங்கி தாளைக் கொடுக்கும், தாள் இருந்தால்தான் சரக்கு. அவர் பெயரையே நேரடியாகப் போட்டிருந்தால் இந்தப் பிடி தளர்ந்துவிடும். சில நாடுகளில் ஒரிஜினல் இல்லாமலே எடுத்துவிடுவார்கள். பில் ஆஃப் லேடிங்கின் டிராஃப்ட் வரும்போதே திருத்தச் சொல்லியிருக்க வேண்டும். இப்போதும் மூன்றையும் திருப்பிக் கொடுத்து மாற்றக் கேட்கலாம், கட்டணம் உண்டு.