பந்தியில் இலை காலியாக இருக்கும் கனவு

"மூணு வாரமா ஒரே கனவு. கல்யாணப் பந்தியில இலை போட்டாச்சு, ஆனா பரிமாறுறவர் என்னைத் தாண்டிப் போயிடுறார். அழுதுகிட்டே எழுந்திரிக்கிறேன். டயட்ல இருக்கேன், ஏழு மணிக்கு மேல சாப்பிடுறதில்ல."

முதல்ல வயித்தைப் பாருங்க. ஒரு வாரம் ஒன்பதரைக்கு ஒரு டம்ளர் பாலும் வாழைப்பழமும் எடுத்துக்கங்க. கனவு நின்னா பெரும்பாலும் பசிதான். சர்க்கரைக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுக்குறவங்களா இருந்து, வியர்த்துக் கொட்டி எழுந்தா உடனே குளுக்கோஸ் பாருங்க. 70க்குக் கீழ இருந்தா அது கனவு விஷயமே இல்ல, உடனே இனிப்பு சாப்பிட்டுட்டு டாக்டரிடம் சொல்லணும்.

பால் குடிச்சும் கனவு தொடர்ந்தா, அழுகையைக் கவனிங்க. வெறும் பசியா இருந்தா எழுந்ததும் நாக்கு ஊறலாம், சாம்பார் வாசனை நினைவிருக்கலாம். உங்களுக்கு நினைவிருக்கிறது தாண்டிப் போன ஆள். பந்தியில விட்டுப்போறது நம்ம ஊர்ல பசியைவிடப் பெரிய அவமானம் இல்லையா?

எழுந்த அஞ்சு நிமிஷத்துக்குள்ள (பல் தேய்க்கப் போனா பாதி மறந்துடும்) ரெண்டு வரி எழுதுங்க: பக்கத்து இலையில யார், "இங்க வைங்க"ன்னு கூப்பிட்டீங்களா, சும்மா இருந்தீங்களா. அதுக்குக் கீழ, முந்தின நாள் கேக்க நினைச்சுக் கேக்காம விட்டது ஒண்ணு. பத்து நாள்ல ஒரே ஆளோ இடமோ திரும்பத் திரும்ப வந்தா, விஷயம் அங்க இருக்கலாம்.