உள்ளடக்கப் பக்கத்தை வாசித்தாலே ஆய்வின் முடிவு தெரிய வேண்டும்

கேள்வி: வலிகாமத்துக் கிணற்றுத் தண்ணி பற்றி 40 பக்கத்தில ஒரு அறிக்கை எழுதியிருக்கிறன். "தலைப்புகளைப் பார்த்தா ஒண்டும் விளங்கேல்லை, என்ன கண்டுபிடிச்சனீங்கள் எண்டு தலைப்பே சொல்லவேணும்" எண்டு மேலதிகாரி திருப்பி அனுப்பிப்போட்டார். நாலாம் அத்தியாயத்தின்ர தலைப்பு "நிலத்தடி நீரின் தரம்". அதுக்குள்ள "நைத்திரேற்று அளவு", "மலசலகூடக் குழிகள்" எண்டு உபதலைப்புகள். இதுகளை எப்பிடி மாத்துறது?

பதில்: தலைப்பில் கை வைக்க முதல், ஒவ்வொரு பகுதியின் ஓரத்திலும் ஒரு முழு வசனம் எழுதுங்கள். இதை வாசித்து முடித்த பிரதேச செயலர் எதைத் தெரிந்துகொண்டிருக்க வேண்டும் என்பதே அந்த வசனம். அது முற்றுவினையில் முடியவேண்டும். "நீர் மாசடைதல்", "நைத்திரேற்று தொடர்பான ஆய்வு" என்று பெயராக முடித்தால், மாசடைந்ததா, எங்கே, எவ்வளவு என்பதெல்லாம் சொல்லப்படாமலே போய்விடும்.

வசனம் வர மறுத்தால் குறை அந்தப் பகுதியில்தான் இருக்கிறது. இரண்டு முடிவுகள் அங்கே கலந்திருக்கலாம். அப்படியானால் இரண்டாகப் பிரியுங்கள். முடிவே இல்லாமல் அட்டவணை மட்டும் இருந்தால் பின்னிணைப்புக்கு அனுப்புங்கள்.

உங்கள் நாலாம் அத்தியாயத்தையே எடுப்போம். எண்கள் விளக்கத்துக்காக நாங்கள் வைத்தவை. 60 கிணறுகளில் 23இல் நைத்திரேற்று, உலக சுகாதார அமைப்பின் வழிகாட்டு அளவான லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டியிருக்கிறது. அந்த 23இல் 19 தோட்டக் கிணறுகள். உடனே "பசளையால் கிணறுகள் மாசடைந்துள்ளன" என்று எழுதத் தோன்றும். அங்கேதான் தவறு நடக்கிறது. மலசலகூடக் குழியிலிருந்தும் நைத்திரேற்று வரும். வலிகாமத்தின் சுண்ணாம்புக்கல்லில் வெடிப்புகளூடாக இரண்டுமே நிலத்தடி நீரைச் சேரும். நீங்கள் அளந்தது நைத்திரேற்றின் அளவை மட்டுமே, அது எங்கிருந்து வந்தது என்பதை அல்ல.

"எல்லை தாண்டிய 23இல் 19 தோட்டக் கிணறுகள்" என்பதும் போதாது. சோதித்த 60இல் 50 தோட்டக் கிணறுகளாக இருந்திருந்தால் அதில் வியக்க எதுவுமில்லை. எனவே மொத்தத்தையும் தலைப்பில் வையுங்கள். தோட்டக் கிணறுகள் 31, வீட்டுக் கிணறுகள் 29 என்றால்:

4. தோட்டக் கிணறுகளிலேயே நைத்திரேற்று அதிகம் எல்லை தாண்டுகிறது
4.1 தோட்டக் கிணறுகள் 31இல் 19 எல்லை தாண்டின. வீட்டுக் கிணறுகள் 29இல் 4 மட்டுமே
4.2 பசளையின் பங்கையும் மலசலகூடக் குழியின் பங்கையும் இந்தத் தரவால் பிரித்தறிய முடியாது

4.2ஐக் கவனியுங்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்வதும் ஒரு முடிவுதான். அதைத் தலைப்பிலேயே சொன்னால், பசளையைத்தான் நிறுத்தவேண்டும் என்று எவரும் அவசரப்படமாட்டார்கள்.

எல்லை என்று எழுதும்போது ஆய்வுகூட அறிக்கையின் அலகையும் பாருங்கள். நைத்திரேற்றாக அளந்தால்தான் எல்லை 50. நைதரசனாகக் கணக்கிட்டிருந்தால் அது ஏறக்குறைய 11. இதில் பிழைத்தால் தலைப்பே பிழைத்துவிடும்.

நீளம் பத்துப் பன்னிரண்டு சொற்களுக்குள் இருக்கட்டும். உள்ளடக்கப் பக்கத்தில் இரண்டு வரியைத் தாண்டினால் கண் அதைத் தாவிவிடும். தமிழில் வினை கடைசியில் வருவதால், எதைப் பற்றிய பேச்சு என்பது முதல் இரண்டு மூன்று சொற்களிலேயே தெரியவேண்டும். "2 பருவங்களில் மேற்கொள்ளப்பட்ட பரிசோதனைகளின் அடிப்படையில்..." என்று தொடங்கும் தலைப்பில் விஷயம் வருவதற்குள் வாசகர் அடுத்த வரிக்குப் போய்விடுவார். அந்த விபரம் பந்திக்குள் இருக்கட்டும்.

எல்லாம் மாற்றிய பிறகு உள்ளடக்கப் பக்கத்தை மட்டும் அச்செடுத்து, அறிக்கையை வாசிக்காத ஒருவரிடம் கொடுங்கள். ஆய்வில் என்ன தெரியவந்தது என்று அவர் நாலைந்து வசனத்தில் சொல்லவேண்டும். அவர் தடுமாறும் இடத்தில், பெரும்பாலும், உபதலைப்புகள் அத்தியாயத் தலைப்பைத் தாங்கவில்லை. 4.1 வேறொன்றைச் சொல்லி, 4 வேறொன்றைச் சொன்னால் இரண்டில் ஒன்றைத் திருத்தவேண்டும்.

பந்தியின் முதல் வசனமாகத் தலைப்பையே திரும்ப எழுதாதீர்கள். "இது" என்று தலைப்பைச் சுட்டித் தொடங்கவும் வேண்டாம். தலைப்பை எடுத்துவிட்டாலும் பந்தி தனியே நிற்கவேண்டும்.

முடிவு எதுவும் இல்லாத பகுதிகளை வற்புறுத்தத் தேவையில்லை. "மாதிரி எடுத்த முறை", "பின்னிணைப்பு" போன்றவை பெயராகவே இருக்கலாம்; அவற்றைத் தேடி வருபவருக்கு அந்தப் பெயர்தான் உதவும். திணைக்களத்தின் படிவம் "அறிமுகம், முறையியல், பெறுபேறுகள்" என்று அத்தியாயத் தலைப்புகளைக் கட்டாயமாக்கியிருந்தால் அவற்றை அப்படியே விட்டு, முடிவுகளை உபதலைப்புகளில் சொல்லுங்கள். உபதலைப்புகளும் கட்டாயம் என்றால், ஒவ்வொன்றின் கீழும் தடித்த எழுத்தில் ஒரு வசனம் போடுங்கள். அது உள்ளடக்கப் பக்கத்தில் வராது. ஆகவே நிறைவேற்றுச் சுருக்கத்தில் அதே வசனங்களை அதே ஒழுங்கில் சேர்த்துவிடுங்கள்.