மெம்பர்ஷிப் இருந்தும் டெலிவரி சார்ஜ் ஏன்? கடலூர், புதுச்சேரி வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

ஆன்லைன் கடைகளின் மெம்பர்ஷிப், இலவச டெலிவரி பற்றி வந்திருக்கும் கேள்விகளைச் சேர்த்து இங்கே பதில் எழுதியிருக்கிறேன். நிறையப் பேர் கேட்டிருப்பது அமேசான் இந்தியாவைப் பற்றித்தான் என்பதால் தொகைகளை அங்கிருந்தே எடுத்துக்கொள்கிறேன். தொகை தளத்துக்குத் தளம் வேறுபடும், அவ்வப்போது கூடவும் செய்யும். கணக்குப் போடும் முறை ஏறக்குறைய எல்லா இடத்திலும் இதுதான்.

வருட மெம்பர்ஷிப்புக்குப் பணம் கட்டியிருக்கிறேன். ஆனாலும் ஓர் இட்லிப் பானைக்கு 80 ரூபாய் டெலிவரி சார்ஜ் போட்டுவிட்டார்கள். இது சரியா? (கூத்தப்பாக்கம், கடலூர்)

சரியாகத்தான் இருக்க வாய்ப்பு அதிகம் அம்மா. ஆனால் அது உங்கள் கண்ணில் படும்படி முதலிலேயே சொல்லப்பட்டிருக்க வேண்டும்.

அந்தத் தளத்தில் விற்கும் எல்லாப் பொருளுக்கும் மெம்பர்ஷிப் செல்லாது. அமேசான், ஃப்ளிப்கார்ட் போன்றவை விற்பவரையும் வாங்குபவரையும் சேர்த்து வைக்கும் இடங்கள். அந்நிய முதலீடு உள்ள இப்படிப்பட்ட தளம் தானே சரக்கு வைத்து விற்க நம் நாட்டு விதி இடம் தருவதில்லை. 2019 பிப்ரவரி முதல் இந்த விதி இன்னும் இறுக்கப்பட்டது. ஆகவே நீங்கள் வாங்கிய பானை யாரோ ஒரு வியாபாரியுடையது. அவர் அதைத் தளத்தின் குடோனில் கொண்டுபோய் வைத்திருக்கலாம், தன் சொந்தக் கடையிலேயும் வைத்திருக்கலாம். குடோனில் இருந்தால் எடுத்து, கட்டி, அனுப்புவது எல்லாம் தளத்தின் வேலை. அதற்கு வியாபாரி தளத்துக்குத் தனிக் கட்டணம் தருகிறார். இலவச டெலிவரி சலுகை முதன்மையாக இந்தச் சரக்குக்குத்தான். வியாபாரி தன் கடையிலிருந்து அனுப்பினால் டெலிவரி சார்ஜை அவரே வைக்கலாம். நீங்கள் தளத்துக்குக் கட்டிய வருடச் சந்தா அவருக்குப் போவதில்லை.

இதைத் தெரிந்துகொள்ள விலைக்குப் பக்கத்தில் மெம்பர்ஷிப் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். அமேசானில் அது நீல நிற prime குறி. பிறகு Sold by என்ற வரியைப் பாருங்கள். அங்கே வேறு பெயர் இருந்தாலும் கவலை வேண்டாம், விற்பவர் எப்போதும் வேறு ஆள்தான். முத்திரை இருந்தால் சலுகை உண்டு. வாசலில் வந்து நிற்பது அதே கம்பெனியின் வண்டிதானே என்று பலர் நினைக்கிறார்கள். வியாபாரியின் கடையில் இருந்து பார்சலை வாங்கி வந்து தருவதையும் தளம் ஒரு சேவையாகச் செய்கிறது. வண்டியை வைத்து முடிவு செய்ய முடியாது, முத்திரைதான் கணக்கு.

இன்னொன்றும் கவனியுங்கள். ஒரே பானையை நாலைந்து வியாபாரிகள் ஒரே பக்கத்தில் விற்பார்கள். தளம் அதில் ஒருவரைத்தான் முன்னால் காட்டும். நீங்கள் பின்கோடை மாற்றினாலோ ஒருவரிடம் சரக்கு தீர்ந்தாலோ முன்னால் நிற்கும் ஆள் மாறிவிடுவார். நேற்று முத்திரையோடு பார்த்த பொருள் இன்று முத்திரை இல்லாமல் இருக்கும். அப்போது பக்கத்தின் கீழே மற்ற விற்பனையாளர்கள் பட்டியலைத் திறந்து, முத்திரை உள்ளவரைத் தேர்ந்தெடுங்கள். விலை பத்து இருபது ரூபாய் கூட இருந்தாலும் 80 ரூபாய் சார்ஜைவிடக் குறைவுதான்.

2020-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி, மொத்த விலையையும் அதற்குள் டெலிவரி சார்ஜ் போன்றவை எவ்வளவு என்பதையும் விற்பவர் பிரித்துக் காட்ட வேண்டும். அந்த 80 ரூபாய் பணம் கட்டும் பக்கத்தில் காட்டப்படாமல் பிறகு சேர்க்கப்பட்டிருந்தால் நீங்கள் கேள்வி கேட்கலாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அழைக்கும் முன் பில்லையும் அந்தப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட்டையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

நான் மெம்பர் இல்லை. 499 ரூபாய்க்கு மேல் வாங்கினால் இலவசம் என்றார்கள். 535 ரூபாய்க்கு வாங்கியும் 100 ரூபாய் சார்ஜ் வந்திருக்கிறது. (முத்தியால்பேட்டை, புதுச்சேரி)

நீங்கள் அனுப்பிய பில்லை வைத்தே சொல்கிறேன். மிக்ஸி ஜார் வாஷர் 130, டீ வடிகட்டி 145, ஸ்க்ரப்பர் பாக்கெட் 140, தோசைத் திருப்பி 120. கூட்டினால் 535 வருகிறது. ஆனால் தோசைத் திருப்பியை வியாபாரியே அனுப்புகிறார், அதற்கு அவர் 60 ரூபாய் சார்ஜ் வைத்திருக்கிறார். தளத்தின் குடோனிலிருந்து வருவது மற்ற மூன்றும்தான். அவற்றின் கூட்டுத்தொகை 415. அந்த 499 என்ற எல்லை இந்த 415-க்குத்தான் பொருந்தும். எல்லையைத் தொடாததால் 40 ரூபாய், தோசைத் திருப்பிக்கு 60 ரூபாய், ஆக 100. நீங்கள் மொத்தம் 635 கட்டியிருக்கிறீர்கள்.

அதே தோசைத் திருப்பி வேறொருவரிடம் 135 ரூபாய்க்கு, குடோன் சரக்காக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதை எடுத்திருந்தால் தகுதியுள்ள பொருள்களின் தொகை 550 ஆகும், டெலிவரி இலவசம். பொருள் 15 ரூபாய் கூடுதல், ஆனால் கையைவிட்டுப் போவது 85 ரூபாய் குறைவு. விலை குறைந்ததிலிருந்து அடுக்கிப் பார்த்து முதலில் இருப்பதை எடுப்பவர்களுக்கு இந்த நஷ்டம் அடிக்கடி வரும், ஏனென்றால் அந்த வரிசையில் டெலிவரி சார்ஜ் சேர்ந்திருக்காது.

கூப்பனிலும் பார்த்து நடக்க வேண்டும். பல தளங்கள் கூப்பன் கழித்த பிறகு மிஞ்சும் தொகையைத்தான் எல்லையோடு ஒப்பிடும். 550 ரூபாய் கூடையில் 60 ரூபாய் கூப்பன் போட்டால் 490 ஆகிவிடும், உடனே 40 ரூபாய் சார்ஜ் ஏறும். 60 ரூபாய் கூப்பனால் உங்களுக்கு மிச்சம் 20 ரூபாய்தான். கூப்பன் போட்டும் போடாமலும் கடைசிப் பக்கத்தில் மொத்தத்தைப் பாருங்கள். இந்த எல்லை ஒரே ஆர்டருக்குத்தான். காலையில் 300, மாலையில் 300 என்று தனித்தனியாகப் போட்டால் சேர்த்துக் கணக்கிட மாட்டார்கள்.

எல்லையைத் தொட வேண்டும் என்று தேவையில்லாத பொருளைச் சேர்ப்பதை நான் ஏற்கவில்லை. 40 ரூபாயை மிச்சம் பிடிக்க 90 ரூபாய்க்கு எதையோ வாங்குவதைவிட, அந்த வாஷரை நேரு வீதியிலோ கடலூர் லாரன்ஸ் ரோட்டிலோ ஒரு பாத்திரக்கடையில் கேட்டுப் பாருங்கள். ஜாரைக் கையில் கொண்டுபோனால் அளவும் தப்பாது.

நாங்கள் பாகூர், புதுச்சேரியைச் சேர்ந்தவர்கள்தான். புதுச்சேரி டவுனில் இருக்கும் தங்கைக்கு மறுநாளே வரும் பொருள் எங்களுக்கு மூன்று நாள் ஆகிறது. இருவருக்கும் ஒரே மெம்பர்ஷிப். ஏன்? (பாகூர்)

டெலிவரி வேகம் முதலில் பின்கோடைப் பார்க்கும். யூனியன் பிரதேசமா மாநிலமா என்பது அதில் வராது. உங்கள் பாகூரின் பின்கோடு 607402, அது கடலூர் வரிசை. தங்கையுடையது 605001. இதற்கு நேர்மாறாகக் கோட்டக்குப்பம் விழுப்புரம் மாவட்டத்தில் இருந்தும் 605104 என்று புதுச்சேரி வரிசையில் இருக்கிறது. அஞ்சல் துறை எல்லையைப் பார்த்து எண் கொடுக்கவில்லை, தபால் போகும் வழியைப் பார்த்துக் கொடுத்தது. ஆன்லைன் கடைகளும் அந்த எண்ணை வைத்தே எந்த டெலிவரி நிலையம் உங்களுக்கு என்று பிரிக்கின்றன.

ஒரு நாள் டெலிவரி கிடைக்க மூன்று விஷயம் ஒன்றுகூட வேண்டும். உங்களுக்கு எட்டும் தூரத்துக் குடோனில் அந்தப் பொருள் இருக்க வேண்டும். உங்கள் பின்கோடு அந்த வேகத்துக்குத் திறந்திருக்க வேண்டும். அன்றைய வண்டி கிளம்புவதற்கு முன் ஆர்டர் போட்டிருக்க வேண்டும். பொருள் பக்கத்தில் ‘இன்னும் 2 மணி நேரத்துக்குள் ஆர்டர் செய்தால்’ என்று ஓடும் கடிகாரம் அந்த மூன்றாவது விஷயத்தைத்தான் சொல்கிறது. மெம்பர்ஷிப் இருந்தால், அங்கே கிடைக்கும் வேகத்துக்குத் தனிப் பணம் வேண்டாம், அவ்வளவுதான். இல்லாத வேகத்தை அது கொண்டுவராது. அதே நாள் டெலிவரி என்பது பெரிய நகரங்களில்தான் பரவலாக உண்டு. வாஷிங் மெஷின், பீரோ போன்ற பெரிய சாமான்களுக்குத் தேதி குறித்துத் தனி வண்டியில் அனுப்புவார்கள். அதில் எந்த ஊரிலும் அவசரம் எதிர்பார்க்க வேண்டாம்.

வேகமாக வரட்டும் என்று விலாசத்தில் 605001 போட்டுவிடாதீர்கள். பார்சல் புதுச்சேரி நிலையத்துக்குப் போய், விலாசம் பொருந்தவில்லை என்று திரும்பிவிடும் அல்லது மறுபடி கடலூர்ப் பக்கம் சுற்றி வரும். மாநிலம் கேட்கும் இடத்தில் புதுச்சேரி, பின்கோடு 607402 என்று உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். உங்களுக்கு அவசரம் என்றால் தங்கை வீட்டு விலாசத்துக்கு வரவழைத்து வாங்கிக்கொள்வதே நல்ல வழி.

மகன் சென்னையில் இருக்கிறான், மெம்பர்ஷிப் அவன் பெயரில். எங்களுக்கு அனுப்பினால் இலவசமாக வருமா? (மஞ்சக்குப்பம், கடலூர்)

வரும். சலுகை அவருடைய கணக்கோடு சேர்ந்தது, விலாசம் யாருடையதானாலும் சரி. தேதி மட்டும் உங்கள் 607001-க்கு என்ன காட்டுகிறதோ அதுதான். விலை உயர்ந்த பொருளுக்கு ஓடிபி வரும், பெரும்பாலும் அது மகன் போனுக்குப் போகும். டெலிவரி நாளில் அவர் போனை எடுக்கும்படி சொல்லி வையுங்கள்.

வருடம் 1,499 கட்டுவது எங்களைப் போன்ற சின்னக் குடும்பத்துக்குக் கட்டுப்படியாகுமா? (அரியாங்குப்பம்)

டெலிவரிக்கு மட்டும் என்றால் கணக்கு எளிது. 499-க்கு மேல் போகும் குடோன் சரக்கு ஆர்டர் எப்படியும் இலவசம், அதை எண்ணாதீர்கள். அதற்குக் கீழே உள்ள ஆர்டர்கள்தான் கணக்கில் வரும். ஒன்றுக்கு 40 ரூபாய் வீதம் 1,499 ரூபாயை மீட்க வருடத்துக்கு 38 சின்ன ஆர்டர் போட வேண்டும். 799 ரூபாய் லைட் திட்டத்துக்கு 20. மாதம் 299 என்றால் அந்த ஒரு மாதத்தில் 8.

உங்கள் கணக்கைத் திறந்து போன வருட ஆர்டர்களைப் பாருங்கள். 499-க்குக் கீழ் எத்தனை, அதில் முத்திரை உள்ளவை எத்தனை என்று எண்ணுங்கள். பத்துப் பன்னிரண்டு என்றால், அவற்றை 499-ஐத் தொடும்படி சேர்த்து வாங்கினாலே சார்ஜ் இல்லாமல் போகும், மெம்பர்ஷிப் வேண்டாம். மெம்பர்ஷிப்போடு சேர்ந்து வரும் படங்களைப் பார்ப்பவர்கள் வீட்டில் இருந்தால் கணக்கு மாறும். கைக்குழந்தைக்கு டயப்பர் போன்றவை அடிக்கடி, அவசரமாகத் தேவைப்படும் வீடாக இருந்தாலும் மாறும். கல்யாணமோ கிரகப்பிரவேசமோ இருக்கும் மாதத்துக்கு மட்டும் மாதத் திட்டம் எடுப்பதை நான் தாராளமாகச் சிபாரிசு செய்வேன்.

ஒரு மாதத்துக்கு எடுத்தேன், அடுத்த மாதமும் பணம் எடுத்துவிட்டார்கள். (செம்மண்டலம், கடலூர்)

சேரும்போது தானாகப் புதுப்பிக்கும் வசதிக்கு அனுமதி போயிருக்கும். ரிசர்வ் வங்கி விதிப்படி, இப்படி எடுக்கும் முன் குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன்னால் உங்களுக்குத் தகவல் வர வேண்டும். எஸ்எம்எஸ், மின்னஞ்சல் இரண்டிலும் தேடிப் பாருங்கள். இப்போதே கணக்கின் மெம்பர்ஷிப் பக்கத்துக்குப் போய் ரத்து செய்யுங்கள். புதுப்பித்த பிறகு அந்தச் சலுகையில் ஒரு ஆர்டர்கூட போடவில்லை என்றால், பணத்தைத் திரும்பக் கேட்க உங்களுக்கு வலுவான காரணம் இருக்கிறது, அதனால் கேட்கும் வரை எதையும் வாங்காதீர்கள். யூபிஐ வழியாகக் கட்டியிருந்தால் அந்தச் செயலியில் ஆட்டோபே பகுதியிலும் அனுமதியை நீக்குங்கள். ரத்து செய்யும் பட்டனைக் கண்டுபிடிக்க முடியாதபடி ஒளித்து வைத்திருந்தால், அது 2023 நவம்பரில் மத்திய அரசு தடை செய்த சந்தாப் பொறி வகையில் வரும். அதற்கும் 1915-தான்.