ஜரிகைத் துணி துவைப்பு: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

இரண்டு புடவைகளையும் ஒரே மாதிரிதான் அலசினேன். ஒன்றின் ஜரிகை அப்படியே இருக்கிறது, மற்றது செம்பு நிறத்துக்கு வந்துவிட்டது. ஏன்?

இரண்டும் ஒரே ஜரிகை இல்லை என்பதுதான் காரணம். அசல் ஜரிகை என்பது பட்டு நூலின்மேல் மெல்லிய வெள்ளித் தகட்டைச் சுற்றித் தங்கமுலாம் பூசியது. நடுத்தர ரகத்தில் உள்ளே இருப்பது செம்பு. அதன்மேல் வெள்ளி முலாம், அதற்கும் மேலே பொன்னிறப் பூச்சு. மூன்றாவது ரகம் பிளாஸ்டிக் படலம், அதில் பளபளப்புக்காக அலுமினியம் படிய வைத்திருப்பார்கள்.

உங்களுடையது அநேகமாகச் செம்பு ரகம். துணி சோப்புத்தூளில் இருக்கும் காரம் மேல்பூச்சைத் தளர்த்திவிடும், கசக்கும்போது அது உரிந்து செம்பு எட்டிப் பார்க்கும்.

துவைப்பதற்கு முன்பே இதைக் கண்டுபிடித்துவிடலாம். முந்தானை ஓரத்தில் தொங்கும் பிசிறிலிருந்து ஒரு இழையை எடுங்கள். துணியிலிருந்து தள்ளி வைத்து, இடுக்கியால் பிடித்துத் தீயில் காட்டுங்கள். சுருங்கி உருண்டையானால் பிளாஸ்டிக். உள்நூல் கருகி உலோகச் சுருள் மட்டும் மிஞ்சினால், அதை ஒரு கல்லில் தேய்த்துப் பாருங்கள். சிவப்பாகத் தெரிந்தால் செம்பு, வெளுப்பாகத் தெரிந்தால் வெள்ளி.

செம்பு ஜரிகை போட்ட பட்டுப்பருத்திப் புடவையை வீட்டிலேயே துவைக்கலாமா? வியர்வை பட்டிருக்கிறது.

துவைக்கலாம். வியர்வையை அப்படியே விட்டுவைப்பதுதான் அதைவிட மோசம், அதிலுள்ள உப்பு உலோகத்தை அரிக்கும். இங்கே கவனிக்க வேண்டியது ஈர நேரம். ஜரிகையின் உள்நூல் தண்ணீரைக் குடித்து வைத்துக்கொள்ளும். வெளியே தொட்டால் காய்ந்தது போலிருக்கும்போதும் உள்ளே ஈரம் நிற்கும், கறுப்பு அங்கிருந்துதான் கிளம்பும். ஊறவைக்கவே கூடாது என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான்.

முதலில் ஈரமான வெள்ளைத் துணியை, புடவையின் கரையும் உடல்பகுதியும் சேரும் இடத்தில் அழுத்திப் பாருங்கள். சாயம் ஒட்டினால் அதோடு நிறுத்திக்கொண்டு, உலர்சலவைக்குக் கொடுத்துவிடுங்கள். ஒட்டவில்லையென்றால் கரையை உள்பக்கமாக மடித்து, அதன்மேல் பழைய வெள்ளைப் பருத்தித் துணியைப் பெரிய தையலாக ஓட்டிக்கொள்ளுங்கள். அலசும்போது ஜரிகை எதிலும் உரசாது, கொக்கியில் மாட்டவும் மாட்டாது.

அகலமான பேசினில் பத்து லிட்டர் குளிர்ந்த தண்ணீர், பட்டுக்கென்று விற்கும் காரமில்லாத திரவ சோப் இரண்டு தேக்கரண்டி. புடவையை அமுக்கி அமுக்கி எடுங்கள், மூன்று நிமிடம் போதும். அதன்பின் இரண்டு முறை தண்ணீர் மாற்றி அலசுங்கள். உங்கள் தண்ணீர் உப்புத்தண்ணீர் என்றால் கடைசி அலசலுக்கு மட்டும் உப்பு நீக்கிய தண்ணீர். இல்லாவிட்டால் வெளுத்த படிவு ஜரிகையில் தங்கிவிடும், அதைப் பார்த்துப் பலரும் ஜரிகை மங்கிவிட்டதாக நினைப்பார்கள்.

பிழியாதீர்கள். முறுக்கினால் நூல் நெளியும், அதைச் சுற்றியுள்ள தகடு அப்படி நெளியாது. சுற்று விலகிப் பிசிறு கிளம்புவது அப்போதுதான். பெரிய துவாலையில் சுருட்டி அழுத்தினால் பெரும்பகுதி ஈரம் போய்விடும். உடனே தையலைப் பிரித்து, கரையை விரித்து, மின்விசிறிக் காற்றில் நிழலில் காயவையுங்கள். வெள்ளைத் துணி ஈரத்தோடு கரைமேலேயே கிடந்தால் இவ்வளவு பாடும் வீண்.

கறுத்த கரையைப் புளி போட்டுத் தேய்த்தால் பளபளக்குமாமே?

முதல் முறை பளபளக்கும். புளியோ எலுமிச்சையோ போட்டுத் தேய்த்தால் கறையோடு சேர்ந்து முலாமும் தேய்ந்து போகும், அந்த முலாமோ மிக மெல்லியது. அடுத்த முறை வெறும் செம்புதான் மிஞ்சும். பற்பசை இன்னொரு கெடுதி, அது உரசியே எடுத்துவிடும். ஈரத் துணியால் ஒற்றும்போது மங்கல் குறைந்தால் அது வெறும் சோப்புப் படிவு, இன்னொரு அலசல் போதும். குறையவில்லையென்றால் உலோகமே கறுத்திருக்கிறது. வெள்ளி ஜரிகையானால் முலாம் திரும்பப் பூசுபவர்களிடம் காட்டலாம். செம்பானால் அப்படியே உடுத்துவதுதான் என் ஆலோசனை.

கரையில் ஒரு ஜரிகை இழை வெளியே இழுபட்டு வளையமாக நிற்கிறது. வெட்டிவிடட்டுமா?

வெட்டாதீர்கள், வெட்டிய இடத்திலிருந்து இரண்டு பக்கமும் சுற்று பிரியும். மழுங்கிய ஊசியை வளையத்துக்கு அருகில் பின்பக்கத்திலிருந்து நுழைத்து, இழையைப் பின்னால் இழுத்து, அதே நிற நூலால் ஒரு சிறு தையல் போட்டு நிறுத்துங்கள். இதைத் துவைக்கும் முன்பே செய்துவிட வேண்டும்.

துவைத்த பிறகு கீழ்க்கரை சுருங்கிச் சுருங்கி நிற்கிறது. ஜரிகை கெட்டுவிட்டதா?

ஜரிகை மேல் குற்றமில்லை. பெரும்பாலும் உள்ளே வைத்துத் தைத்த பருத்தி ஃபால்ஸ்தான் சுருங்கிக் கரையை இழுத்துக்கொண்டிருக்கும். அதை மட்டும் பிரித்தெடுத்து, ஃபால்ஸை நனைத்துக் காயவைத்து இஸ்திரி போட்ட பிறகு மறுபடி தையுங்கள். கரைக்கு இஸ்திரி போடும்போது பின்பக்கம், மேலே ஒரு துணி, குறைந்த சூடு. பிளாஸ்டிக் ஜரிகையென்றால் அந்தச் சூட்டிலும் ஒரே இடத்தில் நிறுத்தாதீர்கள்.